5 பங்கா, 20 பங்கா, 50 பங்கா, 500 பங்கா: பணத்தைச் சமமாகப் பிரித்தால் ஆட்டம் எதுவரை குறையும்?

திருப்பூரில் பின்னலாடைத் தொழில் செய்யும் நண்பர் ஒருவர் போன வாரம் தன் டீமேட் கணக்கைத் திறந்து காட்டினார். 38 கம்பெனிகள், எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒரே அளவு பணம். "அண்ணே, 15 போதும்னு ஒருத்தர் சொல்றார். இன்னொருத்தர் 50 வேணும்ங்கிறார். இதைக் குறைக்கவா, கூட்டவா?" என்று கேட்டார். இதே கேள்வியோடு எனக்கு எழுதுகிறவர்கள் நிறையப் பேர். எல்லோருக்கும் சேர்த்து ஒரே இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

நான் பேசப்போவது சம எடைப் போர்ட்ஃபோலியோ பற்றி மட்டும். 20 பங்கு என்றால் ஒவ்வொன்றிலும் இருபதில் ஒரு பகுதிப் பணம். எந்தப் பங்கை வாங்குவது என்பது வேறு கதை. எத்தனை என்பதுதான் இங்கே விஷயம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

நான்கு அளவுகோல்கள் வைத்துக்கொள்கிறேன்.

முதலாவது, மொத்த ஆட்டம். ஒரு வருடத்தில் போர்ட்ஃபோலியோ தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகும் என்பது. பள்ளியில் திட்ட விலக்கம் என்று படித்தோமே, அதுதான். அதன் வர்க்கத்தை வேரியன்ஸ் என்பார்கள்.

இரண்டாவது, சந்தையிலிருந்து விலகல். ஊரெல்லாம் 12 சதவீதம் சம்பாதித்த வருடத்தில் நீங்கள் 3 சதவீதத்தோடு நிற்க எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது? பெரும்பாலான கட்டுரைகள் இதை விட்டுவிடுகின்றன. என் கணக்கில் முடிவைத் தீர்மானிப்பதே இதுதான்.

மூன்றாவது, ஒரு கம்பெனி ஒரே நாளில் கவிழ்ந்தால் ஏற்படும் அடி. நான்காவது, செலவும் வேலையும்.

## கட்டம் போட்ட தாளில் ஒரு கணக்கு

ஒரு கட்டத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். 5 பங்கு என்றால் குறுக்கே 5, நெடுக்கே 5, மொத்தம் 25 கட்டம். மூலைவிட்டத்தில் வரும் 5 கட்டங்களில் ஒவ்வொரு பங்கின் சொந்த வேரியன்ஸ் உட்காரும். மீதி 20 கட்டங்களில் இரண்டிரண்டு பங்குகள் சேர்ந்து ஆடும் அளவு, அதாவது கோவேரியன்ஸ், உட்காரும். போர்ட்ஃபோலியோவின் வேரியன்ஸ் என்பது இந்த 25 கட்டங்களின் சராசரிதான்.

இப்போது 20 பங்கு ஆக்குங்கள். 400 கட்டம். சொந்த ஆட்டத்துக்கு 20 கட்டம், சேர்ந்தாடும் ஆட்டத்துக்கு 380. 50 பங்கு என்றால் 2,500-ல் 50 மட்டுமே சொந்தம். பங்குகள் கூடக் கூட, தனித்தனிக் கம்பெனியின் கதை கரைந்துபோகிறது. சேர்ந்தாடும் பகுதி அப்படியே நிற்கிறது. இதைச் சூத்திரமாக எழுதினால் ஒரே வரி:

```
Vp = C + (V − C) / n
```

`V` என்பது பங்குகளின் சராசரி வேரியன்ஸ், `C` சராசரிக் கோவேரியன்ஸ், `n` பங்குகளின் எண்ணிக்கை. n எவ்வளவு பெரிதானாலும் அது வெட்டுவது இரண்டாவது துண்டை மட்டும். `C` தரைமாதிரி. அதற்குக் கீழே இறங்க வழியில்லை.

ஒரு உதாரணத்தைக் கடைசிவரை பிடித்துக்கொள்வோம். ஒவ்வொரு பங்கின் வருட ஆட்டம் சராசரியாக 35 சதவீதம், எந்த இரண்டு பங்குக்கும் இடையே சராசரி ஒட்டுறவு, அதாவது கோரிலேஷன், 0.3 என்று வைத்துக்கொள்கிறேன். இரண்டும் தொடர்பே இல்லாமல் ஆடினால் ஒட்டுறவு 0, முழுக்க ஒன்றாகவே ஆடினால் 1. இவை என் அனுமானங்கள்தான், ஆனால் பெரிய கம்பெனிப் பங்குகளுக்கு நடக்காத எண்கள் இல்லை. அப்படியானால் `V` = 0.1225, `C` அதில் 0.3 மடங்கு, அதாவது 0.03675. `C`-இன் வர்க்கமூலம்தான் தரை, 19.2 சதவீதம்; இதையே சந்தையின் ஆட்டமாக எடுத்துக்கொள்கிறேன். சூத்திரத்தின் இரண்டாவது துண்டின் வர்க்கமூலம் சந்தையிலிருந்து விலகல்.

| பங்குகள் | மொத்த ஆட்டம் (%) | சந்தையிலிருந்து விலகல் (%) | ஒன்று 78% விழுந்தால் அடி (%) |
|---|---|---|---|
| 1 | 35.0 | 29.3 | 78 |
| 5 | 23.2 | 13.1 | 15.6 |
| 10 | 21.3 | 9.3 | 7.8 |
| 20 | 20.3 | 6.5 | 3.9 |
| 50 | 19.6 | 4.1 | 1.6 |
| 500 | 19.2 | 1.3 | 0.2 |

அட்டவணையின் இரண்டாம் நெடுவரிசையை மட்டும் பார்த்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடும். ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போகும்போது கிட்டத்தட்ட 12 புள்ளி குறைகிறது. 20-லிருந்து 500-க்குப் போனால் ஒரு புள்ளிதான். 1968-ல் எவன்ஸ், ஆர்ச்சர் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கப் பங்குகளை வைத்து இந்த வளைவை வரைந்து காட்டினார்கள். பத்துப் பங்கு வாக்கிலேயே அது தட்டையாகிவிட்டது. "10, 15 போதும்" என்ற பேச்சுக்கு வேர் அங்கேதான்.

மூன்றாம் நெடுவரிசை வேறு கதை சொல்கிறது. 20 பங்கில் மொத்த ஆட்டம் தரையை விட ஒரு புள்ளிதான் அதிகம், ஆனால் சந்தையிலிருந்து விலகல் 6.5 புள்ளி. ஒரே போர்ட்ஃபோலியோவில் இரண்டும் எப்படி உண்மையாகும்? செங்கோண முக்கோணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான பக்கம் சந்தை ஆட்டம், 19.2. அதற்குச் செங்குத்தான சின்னப் பக்கம் உங்கள் சொந்த விலகல், 6.5. கர்ணம் 20.3. சின்னப் பக்கம் கர்ணத்தை அதிகம் நீட்டுவதில்லை, அதனால் மொத்த ஆட்டத்தில் அது கண்ணுக்கே தெரியாது. தெரியாது என்பதற்காக இல்லாமல் போய்விடாது. பங்கு எண்ணிக்கையை நான்கு மடங்கு ஆக்கினால்தான் அது பாதியாகும்.

பத்து வருடத்தில் இது என்ன செய்யும்? நல்லதும் கெட்டதும் ஓரளவு கழிந்துபோக, 20 பங்கு வைத்திருப்பவருக்கு வருடத்துக்கு 2 புள்ளி அளவுக்கு விலகல் மிஞ்சும். சந்தை 12 சதவீதம் வளர்ந்தால் 10 லட்சம் பத்து வருடத்தில் சுமார் 31 லட்சம். 10 சதவீதம் என்றால் 26 லட்சம், 14 என்றால் 37 லட்சம். திறமையே இல்லாமல், அதிர்ஷ்டம் மட்டுமே பண்ணும் வித்தியாசம் இது. 5 பங்கு என்றால் அந்த 2 புள்ளி 4 ஆகிவிடும்.

## 5 பங்கு

மொத்த ஆட்டம் 23.2. ஒற்றைப் பங்கோடு ஒப்பிட்டால் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் விலகல் 13. இது சந்தையில் முதலீடு செய்வதாக இல்லை, ஐந்து கம்பெனிகளில் பங்காளியாவது.

2009 ஜனவரி 7 ஞாபகம் இருக்கிறதா? சத்யம் என்ற சாஃப்ட்வேர் கம்பெனி கணக்கில் காட்டிய பணம் பொய் என்று அதன் தலைவரே கடிதம் எழுதிய நாள். பங்கு ஒரே நாளில் சுமார் 78 சதவீதம் விழுந்து 40 ரூபாய்க்கு வந்தது. ஐந்தில் ஒன்றாக அதை வைத்திருந்தவருக்கு, மற்ற நான்கும் அசையாமல் நின்றிருந்தாலும், போர்ட்ஃபோலியோவில் கிட்டத்தட்ட 16 சதவீதம் காலையோடு காலி. அது ஏதோ ஓரத்துக் கம்பெனியும் அல்ல, நிஃப்டி குறியீட்டில் இருந்த பெரிய கம்பெனி. அட்டவணையின் கடைசி நெடுவரிசைக்கு 78-ஐ எடுத்தது அதனால்தான்.

இதில் இன்னொரு மறைமுகச் செலவு உண்டு, வேரியன்ஸ் அதைக் காட்டாது. பங்குகளின் நீண்டகால லாபம் சமமாகப் பரவியிருப்பதில்லை. பெசம்பைண்டர் என்ற பேராசிரியர் 2018-ல் வெளியிட்ட ஆய்வு 1926-லிருந்து வந்த அமெரிக்கப் பங்குகளைப் பார்த்தது. அரசாங்கத்தின் குறுகியகாலக் கடன் பத்திரத்தை மிஞ்சிச் சந்தை சேர்த்த செல்வம் முழுவதும் சுமார் 4 சதவீதக் கம்பெனிகளிடமிருந்தே வந்திருக்கிறது. ஐந்தை மட்டும் எடுத்தால் அந்த 4 சதவீதத்தில் ஒன்றுகூட உங்கள் கையில் இல்லாமல் போக நிறைய வாய்ப்பு.

எப்போது சரி? அந்த ஐந்து தொழிலையும் உள்ளே புகுந்து தெரிந்தவர், இந்தப் பணம் தன் சொத்தில் சிறு பகுதியாக இருப்பவர், அவருக்குச் சரி. அப்படி இல்லாதவர்கள் அடுத்ததைப் பாருங்கள்.

## 20 பங்கு

கையால் நடத்தக்கூடிய அதிகபட்சம் ஏறக்குறைய இதுதான். ஒரு கம்பெனி கவிழ்ந்தால் 4 சதவீத அடி, வலிக்கும், ஆனால் தாங்கலாம். மொத்த ஆட்டத்தில் தரையை நெருங்கிவிட்டீர்கள்.

ஆனால் 0.3 என்ற ஒட்டுறவு தானாக வந்து அமையாது. இருபதும் வங்கி, கடன் கம்பெனி என்றே இருந்தால்? ஒட்டுறவு 0.6 என்று வையுங்கள். சூத்திரத்தில் போட்டால் ஆட்டம் 27.6 சதவீதம். வெவ்வேறு தொழிலில் மூன்றே மூன்று பங்கு வைத்தவருக்கு 25.6. மருந்து, சிமென்ட், சாஃப்ட்வேர் என்று மூன்றை வைத்தவர் இருபது வங்கிக்காரரை விட அமைதியாகத் தூங்குகிறார். இருபது வங்கியை இருநூறு ஆக்கினாலும் 27.1-க்குக் கீழே போகாது. `n`-ஐ எல்லோரும் எண்ணுகிறார்கள், `C`-ஐ யாரும் எண்ணுவதில்லை.

செலவுக்கு வருவோம். சம எடை என்பது வாங்கிய அன்று மட்டும்தான் சமம். ஏறியதை விற்று இறங்கியதை வாங்கிக்கொண்டே இருந்தால்தான் அது சமமாக நிற்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சரிசெய்தால், ஒவ்வொரு முறையும் பாதிப் பங்குகளில் கொஞ்சம் விற்க வேண்டிவரும். விற்கும்போது டீமேட் கணக்கிலிருந்து பங்கு வெளியேற ஒரு கட்டணம் உண்டு. எத்தனை பங்கு விற்றாலும் கம்பெனி ஒன்றுக்கு, நாள் ஒன்றுக்கு என்று பிடிப்பார்கள். வரியோடு 18 ரூபாய் என்று வைத்தால், வருடம் 40 விற்பனைக்கு 720 ரூபாய். 5 லட்சத்துக்கு இது 0.14 சதவீதம், பரவாயில்லை. ஒரு லட்சத்துக்கு 0.72 சதவீதம். அது இண்டெக்ஸ் ஃபண்ட் கேட்பதை விட அதிகம்.

அதோடு வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம். ஒரு வருடத்துக்குள் லாபத்தில் விற்றால், 2024 ஜூலை 23 முதல், லாபத்தில் 20 சதவீதம் வரி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏறியதை வெட்டுகிறவர் கேட்டு வாங்கிக் கட்டும் வரி இது. வருடம் தாண்டி ஒரே ஒருமுறை சரிசெய்தால் போதும் என்பது என் வழக்கம். எடைகள் கொஞ்சம் கோணலாகும், ஆகட்டும்.

## 50 பங்கு

20-லிருந்து 50-க்குப் போனால் மொத்த ஆட்டம் 0.7 புள்ளிதான் குறைகிறது, விலகலோ 6.5-லிருந்து 4.1-க்கு வருகிறது. 1987-ல் ஸ்டாட்மேன் என்ற ஆய்வாளர் 10 போதாது, குறைந்தது 30 முதல் 40 வேண்டும் என்று எழுதினார். என் தேர்வும் அந்தப் பக்கம்தான் சாயும்.

ஆனால் இதைக் கையால் செய்யாதீர்கள். ஒரு லட்சத்தை 50-ஆகப் பிரித்தால் தலைக்கு 2,000 ரூபாய். நம் சந்தையில் அரைப் பங்கு, கால் பங்கு வாங்க முடியாது. மாருதி ஒரு பங்கே பத்தாயிரத்தைத் தாண்டி விற்றிருக்கிறது. நம் சென்னை எம்.ஆர்.எஃப். பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சத்தைத் தொட்டது, அது நிஃப்டி 50 குறியீட்டில் இல்லாததால் தப்பித்தோம். முழுப் பங்காக வாங்கினால் சம எடை என்பது பெயரளவில்தான் இருக்கும்.

நிஃப்டி 50 சம எடைக் குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டுகள் இதற்கென்றே இருக்கின்றன. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையை அவர்களே சரிசெய்வார்கள். ஃபண்டுக்குள் நடக்கும் அந்த விற்பனைக்கு லாப வரி உங்கள் தலையில் விழாது. நீங்கள் யூனிட்டை விற்கும்போது மட்டும்தான் வரி. நான்கு அளவுகோலையும் சேர்த்துப் பார்த்தால் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் பொருந்தும் என்பேன்.

## 500 பங்கு

சூத்திரம் சொல்வது 19.2. ஆனால் ஒரு நிபந்தனை: சேர்க்கும் பங்குகளும் பழைய பங்குகள் மாதிரியே இருக்க வேண்டும். நிஜத்தில் அப்படி இருக்காது. நிஃப்டி 500-இல் 100 பெரியவை, 150 நடுத்தரம், 250 சிறியவை. ஐந்நூறையும் சமமாகப் பிரித்தால் உங்கள் பணத்தில் சரிபாதி சிறு கம்பெனிகளுக்குப் போய்விடும்.

சிறியவை அதிகம் ஆடும். சராசரி ஆட்டம் 35-லிருந்து 42 ஆனது, ஒட்டுறவு மாறவில்லை என்று வையுங்கள். `C` இப்போது 0.0529. 500 பங்கு வைத்தும் ஆட்டம் 23.1 சதவீதம். அட்டவணையில் மேலே பாருங்கள், 5 பெரிய பங்குக்கு 23.2. எண்ணிக்கை நூறு மடங்கு கூடி, ஆட்டம் இருந்த இடத்திலேயே நிற்கிறது. தனிக் கம்பெனி கவிழும் பயம் மட்டும் போய்விட்டது, அது உண்மை. சிறு கம்பெனிகள் காலப்போக்கில் அதிகம் தரும் என்று நம்பி, ஆட்டத்தைப் பொறுத்துக்கொள்கிறவருக்கு இது தேர்வாகலாம். ஆட்டம் குறையும் என்று நம்பி இங்கே வருகிறவர் ஏமாறுவார்.

## மார்ச் 2020-ல் என்ன ஆனது

எல்லா வழிக்கும் பொதுவான எல்லை ஒன்று இருக்கிறது. தரை என்றேனே, அந்தத் தரையே ஏறி இறங்கும்.

2020 ஜனவரி நடுவில் 12,300-க்கு மேல் இருந்த நிஃப்டி, மார்ச் 23 அன்று 7,610-ல் முடிந்தது. அன்று ஒரே நாளில் 13 சதவீதம். அந்த மாதிரி வாரங்களில் ஆட்டமும் கூடும், ஒட்டுறவும் கூடும். ஆட்டம் 60, ஒட்டுறவு 0.7 என்று போட்டுப் பாருங்கள். 10 பங்குக்கு 51.3 சதவீதம், 50-க்கு 50.4, 500-க்கு 50.2. பத்தும் ஐந்நூறும் ஒன்றாகவே மூழ்குகின்றன. அமைதியான வருடங்களின் ஒட்டுறவை வைத்துக் கணக்குப் போட்டு, "நான் பரவலாக வைத்திருக்கிறேன்" என்று இருந்தவர்களுக்கு அந்த மார்ச் ஒரு பாடமாக இருந்தது.

இந்தத் தரையைத் தாழ்த்த வேண்டுமென்றால் பங்கு எண்ணிக்கையைத் தொட்டுப் பயனில்லை. சேர்ந்தாடாத வேறு சொத்து வேண்டும். அந்த 50 பங்கில் 70 சதவீதம், தங்கத்தில் 30 சதவீதம் என்று வைப்போம். தங்கத்தின் ஆட்டம் 15, பங்குகளோடு ஒட்டுறவு பூஜ்ஜியம் என்று அனுமானம். மொத்த ஆட்டம் 14.4 சதவீதம். 450 பங்கு கூடுதலாக வாங்கி 0.4 புள்ளி குறைத்தோம், ஒரே ஒரு தங்கம் 5 புள்ளி குறைக்கிறது. எதிர்பார்க்கும் லாபமும் குறையலாம். அந்த விலையைக் கொடுக்க மனமிருந்தால் மட்டும் செய்யுங்கள்.

## உங்கள் டீமேட்டில் எப்படிப் பார்ப்பது

ஒவ்வொரு பங்கும் 60 மாதங்களில் மாதாமாதம் தந்த லாப சதவீதத்தை எக்செல்லில் ஒவ்வொரு நெடுவரிசையாகப் போடுங்கள். கடைசியில் ஒரு நெடுவரிசையில் ஒவ்வொரு மாத வரிசையின் சராசரி, அதுதான் சம எடைப் போர்ட்ஃபோலியோ. ஒவ்வொன்றுக்கும் வேரியன்ஸ் எடுத்து 12-ஆல் பெருக்கினால் வருடக் கணக்கு வரும்.

```
=VAR.S(B2:B61)*12
r = (n*Vp/V − 1) / (n − 1)
```

பங்குகளின் வேரியன்ஸ் சராசரி `V`, போர்ட்ஃபோலியோவின் வேரியன்ஸ் `Vp`. `r` உங்கள் சராசரி ஒட்டுறவைச் சொல்லிவிடும். 0.3 பக்கம் வந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால், எத்தனை கம்பெனி வைத்திருந்தாலும், நீங்கள் வைத்திருப்பது ஒரே கம்பெனியின் பல பெயர்கள்.

திருப்பூர் நண்பருக்குப் போட்டுப் பார்த்தோம். 38-ல் 17 வங்கியும் கடன் கம்பெனியும். பங்குகளின் ஆட்டம் 36, போர்ட்ஃபோலியோவின் ஆட்டம் 26. `r` 0.51 வந்தது. இதே ரகத்தில் இன்னும் ஆயிரம் சேர்த்தாலும் 25.7-க்குக் கீழே போக மாட்டார். பதிலுக்கு, வெவ்வேறு தொழில்களில் 12 மட்டும் வைத்து ஒட்டுறவை 0.3-க்குக் கொண்டுவந்தால் 21.6. சந்தையிலிருந்து விலகல் 8.7 இருக்கும் என்பதையும் சொன்னேன். அது பிடிக்கவில்லை என்றால் 50 பங்கு ஃபண்ட், தங்கம் கொஞ்சம், வேலை முடிந்தது.

காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிண்ணே, ஃபண்டே போட்டுக்கறேன். ஆனா இந்தப் பதினேழு வங்கியில ரெண்டை மட்டும் வச்சுக்கறேனே, எது ரெண்டுன்னு சொல்லுங்க" என்றார்.